லெஜண்டை எடுத்துவிட்டுப் பெயரைக் கோட்டிலேயே எழுதுங்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோட்டு வரைபடம் பற்றியவை. படத்தை இணைக்காமல் "என் படம் ஏன் சரியாக இல்லை" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. படமும் அதன் எண்களும் வந்தால்தான் எதையாவது சொல்லலாம்.

என் வகுப்பின் இரண்டு பாட மதிப்பெண்களை இரண்டு கோடுகளாகப் போட்டிருக்கிறேன். லெஜண்ட் வேண்டுமா?
(ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ்)

வேண்டாம். எந்த நிறம் எந்தக் கோடு என்று ஓரத்தில் காட்டும் அந்தப் பெட்டி இல்லாமலே, கோடு முடியும் வலது முனையில், கோட்டின் நிறத்திலேயே பாடத்தின் பெயரை எழுதுங்கள். அது போதும்.

2024-இன் முதல் ஆறு மாத எரிபொருள் விலையை மூன்று கோடுகளாக வரைந்தேன். நீங்கள் சொன்னபடி முனையில் பெயர் போட்டால் ரோன்97-உம் டீசலும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. எழுத்தைச் சிறிதாக்கலாமா?
(லோரி நிறுவன அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகி, பட்டர்வொர்த்)

எழுத்தில் கை வைக்காதீர்கள். சிக்கல் உங்கள் அச்சில் இருக்கிறது. அந்த ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் ரோன்97 லிட்டருக்கு 3.47 ரிங்கிட், டீசல் 2.15, ரோன்95 2.05. ஜூன் 10-ஆம் தேதி டீசல் ஒரே நாளில் 3.35-க்கு ஏறியது. அதனால் படத்தின் இடது பக்கம் டீசலும் ரோன்95-உம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வலது பக்கம் டீசலும் ரோன்97-உம் ஒட்டிக்கொள்கின்றன. எந்தப் பக்கம் பெயர் எழுதினாலும் ஒரு ஜோடி இடிக்கும்.

இப்போது அளந்து பாருங்கள். உங்கள் படம் சுமார் 8 சென்டிமீட்டர் உயரம், அச்சு 0-இலிருந்து 4 ரிங்கிட் வரை. ஒரு ரிங்கிட்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால், வலது முனையில் உள்ள 12 சென் இடைவெளிக்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட கிடைக்காது. 10 புள்ளி எழுத்துக்கே மூன்றரை மில்லிமீட்டர் வேண்டும். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் நான்குக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடிக்காமல் என்ன செய்யும்?

அச்சை 1.80-இலிருந்து 3.60 வரை வையுங்கள். அதே 12 சென் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விரியும், இரண்டு பெயரும் தாராளமாக உட்காரும். பட்டை வரைபடம் பூஜ்யத்தில் தொடங்கியே ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே நீளம்தான் அளவு. கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அச்சை வெட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசி விலையையும் எழுதிவிடுங்கள்: "ரோன்97 3.47", "டீசல் 3.35", "ரோன்95 2.05". ஏற்றத்தின் உண்மையான அளவு அப்போது யாருக்கும் தவறாகத் தெரியாது.

பூஜ்யத்தில்தான் தொடங்கவேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால், மேலே உள்ள பெயரை ஒரு மில்லிமீட்டர் மேலேயும், கீழே உள்ளதை அதே அளவு கீழேயும் தள்ளுங்கள். எது மேலே எது கீழே என்ற வரிசை மட்டும் மாறவே கூடாது. அரை எழுத்து உயரத்துக்கு மேல் தள்ளவேண்டி வந்தால் பெயரிலிருந்து முனைக்கு ஒரு மெல்லிய சாம்பல் கோடு இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் மாத சராசரி போடாமல் தினசரி விலையைப் போட்டது நல்லது. சராசரி போட்டிருந்தால் ஜூன் மாத டீசல் 2.99 என்று வந்திருக்கும். பெயர்கள் இடித்திருக்காது, ஆனால் அந்த விலைக்கு அந்த மாதம் தீபகற்பத்துப் பம்ப் எதிலும் ஒருவரும் டீசல் அடித்ததில்லை. லேபிள் பளிச்சென்று தெரிவதால் அதில் உள்ள எண் பொய்யாக இருந்தால் அதுவும் பளிச்சென்று பதியும்.

பெயரோடு எல்லாப் புள்ளிகளுக்கும் மதிப்பு எழுதலாமா?
(வாசகர், பாயான் பாரு)

கூடாது. கடைசி மதிப்பு மட்டும். எல்லா எண்ணும் வேண்டுமென்றால் அட்டவணை போடுங்கள்.

ஐந்து மாநிலங்களை ஐந்து கோடுகளாக வரைந்திருக்கிறேன். என் மேற்பார்வையாளர் லெஜண்ட் அகரவரிசையில் இருக்கவேண்டும் என்கிறார். படத்துக்குக் கீழே ஒரே வரியில் வைத்திருக்கிறேன். இது போதுமா?
(முதுகலை மாணவர், கெப்போங்)

போதாது. இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்கும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேலே உள்ள எரிபொருள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அகரவரிசைப்படி லெஜண்ட் போட்டால் டீசல், ரோன்95, ரோன்97 என்று வரும். படத்திலோ மேலிருந்து கீழே ரோன்97, டீசல், ரோன்95. லெஜண்டில் கடைசியாக இருப்பது படத்தில் உச்சியில் இருக்கிறது. முதலில் இருப்பது நடுவில். பார்ப்பவர் பெட்டியில் முதலில் உள்ள பெயரைப் படித்துவிட்டு, மேலே உள்ள கோடு அதுதான் என்று எடுத்துக்கொள்வார். அது இயல்பு, அவர் மேல் குற்றமில்லை. பிறகு நிறத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும். மூன்று கோட்டுக்கே இத்தனை முறை கண் போய்வர வேண்டியிருக்கிறது. ஆறு கோடு இருந்தால் பாதியிலேயே விட்டுவிடுவார், அல்லது தவறாகவே புரிந்துகொண்டு போவார். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்படி நடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அகரவரிசை எதற்கு? ஒருவர் தன் மாநிலத்தின் பெயரை நீண்ட பட்டியலில் தேடுவதற்கு. உங்கள் படத்தில் தேடுவதற்கு இருப்பது ஐந்து பெயர். ஐந்து பெயரைத் தேட அகரவரிசை தேவையில்லை. சரி, மென்பொருள் ஏன் அப்படிக் கொடுக்கிறது? அதற்கு உங்கள் எண்கள் என்ன சொல்ல வருகின்றன என்று தெரியாது. எக்செல் உங்கள் பத்திகள் இருக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது; R மொழியின் `ggplot2` எழுத்து வரிசையை எடுத்துக்கொள்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு "இதுதான் மரபு" என்று ஆய்வேட்டில் சேர்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முறையாக ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த வரிசை அல்ல அது.

முனையில் பெயர் எழுதினால் இந்தப் பிரச்சினையே எழாது. கோடுகள் எந்த வரிசையில் முடிகின்றனவோ பெயர்களும் அதே வரிசையில் நிற்கும். மேற்பார்வையாளர் லெஜண்ட் வேண்டும் என்றே அடம்பிடித்தால், கீழே உள்ளதை எடுத்துப் படத்தின் வலது பக்கம் செங்குத்தாக வையுங்கள், கடைசி மதிப்பின்படி மேலிருந்து கீழே அடுக்குங்கள். `ggplot2`-இல் இது ஒரே வரி வேலை:

```r
aes(colour = forcats::fct_reorder2(state, month, value))
```

எக்செலில் `Select Data` திறந்து அம்புக்குறியால் மேலே கீழே நகர்த்தவேண்டும். நகர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியலில் கடைசியாக இருக்கும் கோடுதான் மற்றவற்றின் மேல் வரையப்படும். முக்கியமான கோடு மற்றவற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் காரணம் இதுதான். லெஜண்ட் இல்லையென்றால் இந்த வரிசையைப் படம் வரைவதற்காக மட்டும் பயன்படுத்தலாம், இரண்டு வேலைக்கும் ஒரே பட்டியலை இழுத்தடிக்க வேண்டியதில்லை.

ஒரே அறிக்கையில் பல படங்கள் இருந்தால் பெயர்களின் வரிசை படத்துக்குப் படம் மாறலாம், நிறம் மாறக்கூடாது. முதல் படத்தில் பேராக் பச்சை என்றால் கடைசிப் படம் வரை பேராக் பச்சைதான்.

எக்செலில் கடைசிப் புள்ளியில் பெயர் போட்டேன். அடுத்த மாத எண்ணைச் சேர்த்ததும் பெயர் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு மாதமும் கையால் மாற்றவேண்டுமா?
(கணக்காளர், ஜார்ஜ்டவுன்)

வேண்டாம். நீங்கள் லேபிளை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ஒட்டியிருக்கிறீர்கள், அது அங்கேயேதான் நிற்கும். கடைசி மதிப்பை மட்டும் காட்டும் துணைப் பத்தி ஒன்று போடுங்கள். எண்கள் B பத்தியில் இருந்தால், F2-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=IF(ROW()=MATCH(9.99E+307,B:B),B2,NA())
```

B பத்தியில் எண் உள்ள கடைசி வரிசையில் மட்டும் மதிப்பு வரும், மற்ற இடங்களில் `#N/A`. F1-இல் `=B1` போட்டால் தலைப்பும் தானாக வரும். இந்தப் பத்தியையும் இன்னொரு கோடாகப் படத்தில் சேர்த்து, அதன் கோட்டையும் புள்ளிக்குறியையும் மறைத்துவிடுங்கள். பிறகு அதற்கு லேபிள் சேர்த்து `Series Name` மட்டும் தேர்ந்தெடுத்து, இடத்தை `Right` என்று வையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு துணைப் பத்தி வேண்டும். மாத வரிசைகளை வருட முடிவு வரை முன்பே போட்டுவைத்து, சூத்திரத்தையும் அதுவரை இழுத்து வைத்தால் மாதாமாதம் எண்ணை மட்டும் தட்டினால் போதும்.

B பத்தியின் அடியில் மொத்தம் போடும் பழக்கம் இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சூத்திரம் அந்த மொத்தத்தையே கடைசி மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அப்புறம், படம் வரையும் பரப்பின் வலது விளிம்பை ஐந்தில் ஒரு பங்கு உள்ளே இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் பெயருக்கு இடம் போதாது.

கோவில் ஆண்டுக் கூட்டத்துக்கு உண்டியல், அர்ச்சனை, நன்கொடை என மூன்று வரவுகளையும் வண்ணத்தில் வரைந்தோம். நகல் எடுத்துக் கொடுத்ததும் யாருக்கும் புரியவில்லை.
(நிர்வாகக் குழு உறுப்பினர், செந்தூல்)

நகல் இயந்திரத்தில் மூன்று நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டது, லெஜண்ட் செத்துவிட்டது. பெயர் கோட்டின் மேலேயே இருந்திருந்தால் நிறம் போனாலும் படம் பேசியிருக்கும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் கூட்டத்தில் எப்போதும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கும் இதே கதைதான். எந்தப் படமானாலும் வெளியே கொடுக்கும் முன் கருப்பு வெள்ளையில் ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் பெயர் எழுதாதீர்கள், வெள்ளைத் தாளில் தெரியாது. கோடு மஞ்சளாக இருந்தால் பெயரை அடர்பழுப்பில் எழுதுங்கள்.

13 மாநிலங்களுக்கும் 13 கோடு. நீங்கள் சொன்னபடி எல்லா முனையிலும் பெயர் போட்டேன், இன்னும் குழப்பம்.
(பெயர் இல்லை, ஊர் இல்லை, படமும் இல்லை)

எல்லா முனையிலும் போடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? ஐந்தாறு கோட்டுக்கு மேல் போனால் எதைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த இரண்டு மூன்றை மட்டும் நிறத்தோடும் பெயரோடும் காட்டுங்கள். மற்றவை பெயரில்லாமல் சாம்பலாகப் பின்னால் இருக்கட்டும். 13-உம் சமமாக முக்கியம் என்றால் 13 சிறு படங்களாக, ஒரே அளவு அச்சில் வரையுங்கள்.

2025 செப்டம்பர் 30-இலிருந்து ரோன்95 இரண்டு விலையாகப் பிரிந்ததே. ஒரு கோடு இரண்டாகப் பிரிந்தால் பெயர் எங்கே எழுதுவது?
(வாசகர், சுங்கை ஆரா)

மூன்று இடத்தில். பிரியும் முன் உள்ள பகுதியின் மேல், நடுவாக, "ரோன்95 2.05". பிரிந்த இரண்டு முனைகளிலும், அன்றைய விலைப்படி, "மானியம் இல்லாதது 2.60", "மானிய விலை 1.99". முனைகளில் ரோன்95 என்று மறுபடி எழுதவேண்டாம், கோடே அதைச் சொல்லிவிடுகிறது. இரண்டு கிளைக்கும் அதே நிறத்தை வைத்து, ஒன்றை மட்டும் சற்று வெளிர்த்துவிடுங்கள். கருப்பு வெள்ளையில் ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். வெளிர்த்தது அதிகமானால் அந்தக் கிளை நகலில் காணாமல் போய்விடும்.