வெட்டுப்பட்ட கட்டடப் படத்தை வலப்பக்கம் நீட்டுவது: ஜன்னல் இடைவெளியும் வெளிச்சமும்

கேள்வி: "ஒரு கட்டடத்தைக் கோணத்தில் நின்று எடுத்த படம். வலப்பக்கம் ஜன்னல் பாதியோடு கிராப் ஆகிவிட்டது, அசல் கோப்பு இல்லை. படத்தை அகலமாக்கி, சுவர், வானம், தரை எல்லாம் இயல்பாகத் தொடர்வதுபோல் செய்ய முடியுமா? நான் ஜன்னலை காப்பி செய்து பக்கத்தில் ஒட்டினால் சுவர் மடங்கியதுபோல் தெரிகிறது."

முடியும். உங்கள் சுவர் மடங்கித் தெரிவதற்கு ஒட்டிய இடத்தின் தையல் காரணமாக இருக்காது, ஜன்னல்களுக்கு இடையிலான தூரம்தான் காரணமாக இருக்கும். கேமராவை நெருங்கி வரும் சுவரில் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிடப் பெரிதாகும். அது எந்தக் கணக்கில் பெரிதாகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சமீபத்தில் இதே மாதிரி ஒரு படத்தை நீட்டினேன். அதன் அளவுகளை, கணக்குக்கு வசதியாகச் சற்று முழுமையாக்கி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் அகலம் 2200 பிக்சல், எனக்கு வேண்டியது 3000. சுவர் இடப்பக்கம் தூரத்தில் போய்க் குறுகுகிறது, வலப்பக்கம் நம்மை நோக்கி வருகிறது. நான்கு ஜன்னல்களின் இடது ஓரங்கள் 1100, 1314, 1600, 2000 என்ற இடங்களில் இருந்தன. கடைசி ஜன்னல்தான் பாதியில் வெட்டுப்பட்டது. இடைவெளிகள் 214, 286, 400. கடைசி 400-ஐயே திரும்பப் போட்டால் சுவர் அந்த இடத்தில் திடீரெனப் பின்னால் திரும்பிக்கொள்ளும். 'போன தடவை 1.4 மடங்கு கூடியது, இப்போதும் அதே மடங்கு' என்று 560 போட்டாலும் தவறுதான். அந்த மடங்கு நிலையானது அல்ல, கிட்ட வர வர அதுவும் கூடும். இங்கே சரியான அடுத்த இடைவெளி 600.

அந்த 600-க்கு வர, முதலில் மறையும் புள்ளி வேண்டும். சுவரின் கிடைக்கோடுகள் எல்லாம் தூரத்தில் போய்ச் சேரும் இடம் அது. ஜன்னல்களின் மேல்வரிசை மேல் ஒரு கோடு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு கோடு, இரண்டையும் இடப்பக்கம் நீட்டினால் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே புள்ளி. பெரும்பாலும் அது படத்துக்கு வெளியே விழும், அதனால் கேன்வாஸை முதலிலேயே இரண்டு பக்கமும் தாராளமாகப் பெரிதாக்கிவிடுங்கள். ஆனால் கையால் வரையும் கோடு ஒரு பிக்சல் சாய்ந்தாலும் புள்ளி வெகுதூரம் தள்ளிப் போகும். அதனால் ஜன்னல் இடைவெளிகளை வைத்தும் ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். ஜன்னல்கள் நிஜத்தில் சம தூரத்தில் இருந்தால் போதும்:

```
V = 2ab / (a - b)
N = PQ / (2Q - P)
```

`a` கிட்டத்து இடைவெளி, `b` அதற்கு முந்தையது. இங்கே 400-ம் 286-ம். விடை சுமார் 2000. நடுவிலுள்ள ஓரத்திலிருந்து, அதாவது 1600-லிருந்து, 2000 பிக்சல் இடப்பக்கம் போனால் மறையும் புள்ளி. அது படத்தின் இடது விளிம்புக்கு 400 பிக்சல் வெளியே விழுகிறது. வரைந்த கோடுகளும் அதையொட்டிச் சேர்ந்தால் நம்பலாம். சேரவில்லை என்றால், ஜன்னல்கள் சம தூரத்தில் இல்லை அல்லது லென்ஸ் கோடுகளை வளைத்திருக்கிறது.

இரண்டாவது வரி அடுத்த ஓரத்துக்கு. இதில் எல்லாத் தூரத்தையும் மறையும் புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். `P` கடைசி ஓரம் (2400), `Q` அதற்கு முந்தையது (2000). `N` 3000 வருகிறது, படத்தில் 2600-ம் இடம். இன்னொரு தடவை போட்டால் 4000, அதாவது 3600-ம் இடம். எனக்கு 3000 வரைதான் தேவை, ஆகவே ஒரு முழு இடைவெளியும் அடுத்ததில் ஒரு பகுதியும்.

உயரங்கள் இதைவிட எளிது, அவை அந்தத் தூரத்தின் விகிதத்திலேயே வளரும். மறையும் புள்ளி இருக்கும் உயரம்தான் அடிவானக் கோடு. 2000-ம் இடத்தில் சுவரின் அடி, அடிவானத்துக்கு 320 பிக்சல் கீழே இருந்தது. 2600-ம் இடத்தில் 400 கீழே இருக்க வேண்டும். படத்தில் சமதரையில் நிற்கும் ஆட்கள் இருந்தால் அதையும் பாருங்கள். நின்றுகொண்டு கண் உயரத்தில் எடுத்த படமானால், கிட்ட இருப்பவர், தூரத்தில் இருப்பவர் எல்லோருடைய கண்ணும் ஏறக்குறைய அதே கோட்டில் வரும்.

ஒட்டும் வேலையைச் சாய்ந்த படத்தில் செய்யவே வேண்டாம். சுவரை நேராக முன்னால் நின்று பார்ப்பதுபோல் தட்டையாக்கி, அங்கே நீட்டி, பிறகு சாய்த்து வையுங்கள். போட்டோஷாப்பில் கோப்பின் ஒரு பிரதியில் `Perspective Crop Tool` எடுத்து, 1100 முதல் 2000 வரை, ஜன்னல் மேல்வரிசையிலிருந்து தரை வரை நான்கு மூலைகளைப் பிடிப்பேன். ஜிம்பில் `Perspective` கருவியை `Corrective (Backward)` என்று வைத்தால் இதே காரியம் நடக்கும். தட்டையானதும் மூன்று இடைவெளிகளும் ஒரே அகலம் வர வேண்டும். வரவில்லையென்றால் மூலைகள் சரியில்லை, மேலே போகாமல் திரும்பப் பிடியுங்கள். பிறகு பிரதியின் அகலத்தை மாற்றி, ஒரு இடைவெளி 600 பிக்சல் வரும்படி வைத்துக்கொண்டேன். அங்கே வலப்பக்கம் இரண்டு இடைவெளி சேர்த்து, அந்தப் புதுத் துண்டை மட்டும் எடுத்துப் பெரிய கேன்வாஸில் வைத்து, `Distort` மூலம் அதன் நான்கு மூலைகளை 2000-லும் 3600-லும் கணக்கிட்ட உயரங்களில் நிறுத்துங்கள். நடுவிலுள்ள ஜன்னல் ஓரம் தானாகவே 2600-ல் போய் உட்கார்ந்தால் எல்லாம் சரி.

இந்தத் தட்டையான நிலையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஜன்னல் சுவருக்குள் பதிந்திருக்கிறது, அந்தப் பள்ளத்தின் பக்கச்சுவர் கொஞ்சம் நமக்குத் தெரியும். கேமரா வலப்பக்கம் இருப்பதால் தெரிவது இடப்பக்கச் சுவர். நமக்கு நேர் எதிரே வரும் இடத்தை நெருங்க நெருங்க அது குறுகிக்கொண்டே போகும். ஜன்னலை அப்படியே காப்பி செய்தால் இந்த அகலம் மாறாமல் நின்றுவிடும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஜன்னல் ஒட்டியதுபோல் இருக்கும். நல்ல விஷயம், தட்டையான படத்தில் இது ஒரே அளவில் குறைகிறது. எனக்கு 44, 36, 28, 20 பிக்சல் என்று வந்தது, எனவே 2600-ல் தொடங்கும் புது ஜன்னலில் 12. காப்பி எடுத்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போகும் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஜன்னல் கண்ணாடியை 8 பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினால் முடிந்தது. வெட்டுப்பட்ட ஜன்னலின் இடது ஓரம் அசலிலேயே இருந்தது எனக்கு இங்கே பெரிய உதவி.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை முதல் விதி: துண்டை இடம் வலமாகப் புரட்டாதீர்கள். புது முகம் கிடைக்கிறதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் சன்ஷேடின் நிழல் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், ஒரு கட்டடத்துக்கு இரண்டு சூரியன் ஆகிவிடும். புரட்டாமல் தட்டையாக ஒட்டினால் சுவரில் விழும் நிழல் தானாகவே சரியாக வரும், ஏனென்றால் சூரியக் கதிர்கள் இணையானவை, ஒவ்வொரு சன்ஷேடுக்கும் கீழே நிழல் ஒரே நீளம்தான். மரத்தின் நிழல் மட்டும் விதிவிலக்கு. அது விழுந்த பகுதியைக் காப்பி செய்யக் கூடாது. தரையில் விழும் கட்டட நிழலின் ஓரத்துக்குக் கணக்கே தேவையில்லை. கூரையின் கிடைவிளிம்பு சமதரையில் போடும் நிழல் அந்த விளிம்புக்கு இணையாகவே கிடக்கும், ஆகவே அதே மறையும் புள்ளியிலிருந்து கோடு இழுத்தால் போதும்.

சுவரின் பிரகாசம் வேறு விஷயம். ஒரே பூச்சு, ஒரே வெயில் என்றாலும் படத்தில் அது இடத்துக்கு இடம் மாறும். லென்ஸ் ஓரங்களை இருட்டாக்குவதும், தரையிலிருந்து திரும்பும் ஒளியும் காரணம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் பக்கத்திலுள்ள வெறும் சுவரில் ஒரே உயரத்தில் நிறத்தை அளந்து பாருங்கள். எண்கள் ஒரு திசையில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால், புதுத் துண்டும் அதே போக்கைத் தொடர வேண்டும். ஒரு `Curves` லேயரில் மென்மையான மாஸ்க் போட்டு இதைச் செய்யலாம்.

வானம் மேகமில்லாமல் இருந்தால் அதைக் காப்பி செய்யவே வேண்டாம். அடிவானத்தருகே வெளுத்தும் மேலே போகப் போக அடர்ந்தும் இருக்கும், சூரியன் இருக்கும் பக்கம் வெளிச்சம் கூடுதல். வலது விளிம்பில் மேலிருந்து கீழாக நான்கைந்து இடங்களில் நிறம் எடுத்து, 16 பிட்டில் கிரேடியன்ட் போடுங்கள். 8 பிட்டில் செய்தால் பட்டை பட்டையாகத் தெரியும். மேகம் இருந்தால், அடிவானத்தை ஒட்டிய சிறிய மேகங்களைத் தூக்கி மேலே வைக்காதீர்கள். தரையின் கல் வரிசைகளுக்குச் சுவரில் செய்த அதே முறைதான்.

அப்புறம், கூர்மை. முழுதாக இருந்த கடைசி இடைவெளி 400 பிக்சல், அது 600 ஆகும்போது ஒன்றரை மடங்கு பெரிதாகிறது. 2600-க்கு அப்பால் இரண்டரை மடங்கு. படத்தின் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்து பெருத்து, பஞ்சுபோல் தெரியும். அதனால் காப்பி செய்த துண்டில் முதலில் இரைச்சலை நீக்கி, சாய்த்து வைத்த பிறகு, அசல் படத்தின் அளவுக்கே புதிதாக இரைச்சல் சேருங்கள். வானத்து கிரேடியன்டுக்கும் இது வேண்டும். ஜன்னல் சட்டம்போன்ற கூரான கோடுகளை மறையும் புள்ளியிலிருந்து இழுத்துப் புதிதாகவே வரைவது நல்லது. இரண்டரை மடங்குக்கு மேல் போகும் பகுதியில் என் கண்ணுக்கு எதுவும் நன்றாக வந்ததில்லை. இன்னும் அகலம் தேவையென்றால், சுவர் தூரத்தில் போகும் இடப்பக்கம் நீட்டுங்கள். அங்கே எல்லாம் சுருங்குவதால் கூர்மை போகாது.

இரண்டு எச்சரிக்கை. செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்தால் கேமராவை அண்ணாத்தி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவற்றை நிமிர்த்திய பிறகே மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். இன்னொன்று, கிராப் ஆன படத்தில் தானியங்கி லென்ஸ் திருத்தத்தை நம்பாதீர்கள். அது படத்தின் நடுவை லென்ஸின் நடுவாக எடுத்துக்கொள்ளும். உங்கள் படத்தில் லென்ஸின் நடு இப்போது வலப்பக்கம் தள்ளி இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் மேலே தற்காலிகமாக ஒரு `Curves` லேயர் வைத்து, கான்ட்ராஸ்ட்டைக் கண் கூசும் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். 2000-ம் இடத்தில் சுவரிலோ வானத்திலோ செங்குத்தாக ஒரு படி தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் பிரகாசப் போக்கை மறுபடி அளந்து திருத்தி, பிறகு அந்த லேயரை அழித்துவிடுங்கள்.