மூன்று பேர் 6% கட்டினால் 18% ஆகிவிடாதா?

கேள்வி: ஐயா, ஜார்ஜ்டவுனில் சாமி மேடையும் பூஜைப் பொருளும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மகள் கணக்கியல் படிக்கிறாள். அவளுடைய பாட ஸ்லைடில் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவருமே 6% மதிப்புக் கூட்டு வரி வசூலிப்பதாகப் படம் போட்டிருக்கிறது. அப்படியென்றால் வரிக்கு மேல் வரிதானே? "உள்ளீட்டு வரி வரவு இருக்கிறது, அம்மா" என்கிறாள். எனக்கு விளங்கவில்லை. ஜிஎஸ்டி இருந்த காலத்தில் விற்பனை குறைவென்று நான் பதிவே செய்யவில்லை. அதில் எனக்கு நட்டமா?

பதில்: அம்மா, உங்கள் கடைச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். நம் மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருந்த 6% ஜிஎஸ்டியும் மதிப்புக் கூட்டு வரிதான், அதையே கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த்தில் ஒரு தச்சுப் பட்டறை. அங்கே மேடை செய்ய 100 ரிங்கிட்டுக்கு மரம் வாங்குகிறார்கள். மரக்காரர் அதோடு 6 ரிங்கிட் வரியும் வாங்கிக்கொள்கிறார். பட்டறைக்காரர் மேடையைச் செய்து முடித்து 300 ரிங்கிட்டுக்கு மொத்த வியாபாரியிடம் விற்கிறார், வரி 18. இந்த 18-ஐ அவர் முழுதாக அரசிடம் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. மரத்துக்கு ஏற்கெனவே கட்டிய 6-ஐக் கழித்துக்கொண்டு 12-ஐ மட்டும் கட்டுகிறார். அந்தக் கழிவுதான் உங்கள் மகள் சொல்லும் வரவு. மொத்த வியாபாரி அதே மேடையை 400-க்கு விற்று 24 வசூலிக்கிறார். பட்டறைக்குக் கொடுத்த 18 போக அவர் கட்டுவது 6. கடைக்காரர் 600-க்கு விற்று 36 வசூலிக்கிறார்; 24 போக 12 கட்டுகிறார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மரக்காரர் 6, பட்டறை 12, மொத்த வியாபாரி 6, கடை 12. மொத்தம் 36. கடைசி விலையான 600-இல் 6% எவ்வளவோ அவ்வளவேதான். நால்வரும் அவரவர் கூட்டிய மதிப்புக்கு மட்டும் கட்டுகிறார்கள். பாரம் முழுவதும் 636 கொடுத்து மேடையை வீட்டுக்கு எடுத்துப்போகிறவரின் தலையில். அவருக்குக் கழிக்க எதுவும் இல்லை.

ஸ்லைடுகளில் ஒரு குறை உண்டு. ஒரே பொருள் கைமாறிப் போவதாகவே படம் போடுவார்கள். அதனால் அந்தப் பொருள் விற்ற பிறகுதான் அதன் வரியைக் கழிக்கலாம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கணக்கு பொருளுக்குப் பொருள் நடப்பதில்லை, காலத்துக்குக் காலம் நடக்கிறது. சிறிய நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி-03 படிவம் கொடுத்தன. தீபாவளியை எதிர்பார்த்து ஒரு கடைக்காரர் பத்து மேடை வாங்கிப் போடுகிறார், அந்தக் காலாண்டில் இரண்டுதான் விற்கிறது என்று வையுங்கள். வசூலித்த வரி 72, வாங்கும்போது கொடுத்தது 240. எட்டு மேடை கடையிலேயே நின்றாலும் 240-ஐயும் கோரலாம். வித்தியாசம் 168 ரிங்கிட்டை அரசு திருப்பித் தர வேண்டும். அது கைக்கு வரும் வரை அவருடைய கைமுதல் முடங்கிக் கிடக்கும். இந்த வரியைக் கடைக்காரர்கள் வெறுத்ததற்கு விகிதத்தைவிட இந்தக் காத்திருப்பே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வரவு கேட்பதற்கு முறையான வரி விலைப்பட்டியல் கையில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் "வரி உட்பட" என்று மட்டும் எழுதிய பில்களை ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். விற்றவரின் ஜிஎஸ்டி பதிவு எண் ஒன்றில்கூட இல்லை. ஒரு சென்கூடக் கழிக்க முடியவில்லை. முறையான பில் இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் சரக்குக் கடனை அடைக்காவிட்டால், கழித்த வரியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது.

உங்கள் நட்டக் கேள்விக்கு வருகிறேன். ஆண்டு விற்பனை 500,000 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது, வாங்கியதில் கொடுத்த வரியைக் கழிக்கவும் முடியாது. ஆகவே மேடை உங்களுக்கு 424 ரிங்கிட்டுக்கு அடக்கமாகும். 24 அதில் செலவாகவே ஒட்டிக்கொள்ளும். அதே 200 லாபம் வைத்து 624-க்கு விற்றிருப்பீர்கள். பக்கத்தில் பதிவு பெற்ற கடையில் 636. உங்களிடம் வாங்குகிறவர்கள் குடும்பக்காரர்கள், அவர்களுக்கு வரி விலைப்பட்டியலால் பயன் ஒன்றுமில்லை. ஆக, நட்டம் என்ன, 12 ரிங்கிட் மலிவாக விற்கும் வசதிதான் உங்களுக்குக் கிடைத்தது.

இதே பதிவின்மை சங்கிலியின் நடுவில் வந்தால் கதையே வேறு. மொத்த வியாபாரி பதிவு இல்லாதவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடக்கம் 318. தன் 100 லாபத்தைச் சேர்த்து 418-க்குக் கொடுக்கிறார். பில்லில் வரி என்ற வரியே இராது. ஆனால் அந்த 418-க்குள் 18 ஒளிந்திருக்கிறது. பதிவு பெற்ற கடைக்காரருக்கு அதைக் கழிக்க வழியில்லை. அவர் 200 லாபம் வைத்து 618 ஆக்கி, அதன் மேல் 6% போட்டால் 655 ரிங்கிட் 8 சென். முழுச் சங்கிலியில் 636 ஆக இருந்த மேடைக்கு 19 ரிங்கிட் 8 சென் கூடுதல். அதில் 18 தொலைந்துபோன வரவு. மீதி 1 ரிங்கிட் 8 சென் அந்த 18-க்கு மேல் விழுந்த வரி. நீங்கள் பயந்த "வரிக்கு மேல் வரி" இங்கேதான் பிறக்கிறது. அந்த நாட்களில் பதிவு பெற்ற கடைகள் பதிவில்லாத மொத்த வியாபாரிகளை விட்டு விலகியதும் இதனால்தான். நீங்களே வேறு கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்திருந்தால், விற்பனை குறைவாக இருந்தாலும் விரும்பிப் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்றைய நிலையையும் மகளிடம் சொல்லுங்கள். ஜிஎஸ்டி 2018 ஜூன் 1 அன்று சுழியமாக்கப்பட்டு, செப்டம்பர் 1 முதல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. விற்பனை வரியை உள்நாட்டுப் பொருளுக்கு உற்பத்தியாளர் ஒரே ஒரு முறை போடுகிறார். அதன் பிறகு யாருக்கும் வரவு கிடையாது. பட்டறையில் 10% விழுந்தால் 300 ரிங்கிட் மேடை 330 ஆகிறது. மொத்த வியாபாரி முன்பு வைத்த மூன்றில் ஒரு பங்கு லாபத்தையே வைத்தால் 440. கடைக்காரர் பாதி விலையைக் கூட்டினால் 660. வரியே இல்லாதிருந்தால் 600. அரசுக்குப் போனது 30, வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுத்தது 60. மீதி 30 வரித்தொகையின் மேல் இருவரும் வைத்த லாபம். உங்கள் கடையில் சதவீதக் கணக்கில் விலை போடுகிறீர்களா, ரிங்கிட் கணக்கிலா என்று ஒருமுறை பாருங்கள். அந்த 30-இல் உங்கள் பங்கு 20 ரிங்கிட்.