காய்ச்சல் போன பிறகு கொட்டும் முடி

“கடும் காய்ச்சல் வந்து குணமாகி இரண்டரை மாதம் ஆகிறது. இப்போதுதான் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. ஷாம்பூவை மாற்றியதாலா? திரும்ப வளருமா?”

ஷாம்பூ காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் கால இடைவெளி டெலோஜன் எஃப்ளூவியம் என்னும் முடி உதிர்வுக்கே பொருந்துகிறது. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ கடும் மன அழுத்தமோ உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன; ஆனால் அவை உடனே விழாமல் இரண்டு மூன்று மாதம் வேரிலேயே தங்கியிருந்து பிறகு உதிர்வதால், பழி அண்மையில் மாற்றிய எண்ணெய் மீதோ ஷாம்பூ மீதோ விழுகிறது.

உதிர்ந்த முடியின் வேர்ப்பக்க நுனியைப் பாருங்கள்: சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. அந்தக் குமிழைப் பார்த்து வேரே போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள். வேர்ப்பை தலையிலேயே பத்திரமாக இருக்கிறது.

உதிர்வு பொதுவாக ஆறு மாதத்திற்குள் அடங்கும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், முதலில் நெற்றியோரத்தில் கூர்நுனியுள்ள குட்டை முடிகள் தெரியும். பழைய அடர்த்தி கண்ணுக்குப் புலப்பட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம், நீளக் கூந்தலுக்கு இன்னும் கூடும்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ, ஆறு மாதம் கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, இரும்புச்சத்து அளவுகளை அவர் பரிசோதிக்கச் சொல்லக்கூடும்.