வாங்குமுன்: கமிஷனைச் சொன்னால் ஆள் ஓடுமா?

கேள்வி: கம்பியில்லா வாக்கம் கிளீனர் பற்றி வீடியோ போடப்போகிறேன். என் லிங்க்கில் வாங்கினால் எனக்கு 4 சதவீதம் கமிஷன். இதை எப்படிச் சொல்வது?

முதல் அரை நிமிடத்துக்குள், வாயால். வீடியோவுக்குக் கீழே ‘மேலும்’ என்பதைத் தட்டினால்தான் தெரியும்படி எழுதி வைப்பது ஒளிப்பதுதான். ‘அஃபிலியேட் லிங்க்’ என்றால் பலருக்குப் புரியாது, ‘எனக்குக் காசு வரும்’ என்றால் புரியும். இப்படிப் பேசிப் பாருங்கள்:

“இதை என் காசில் வாங்கி மூன்று மாதமாக ஓட்டுகிறேன். கீழே உள்ள லிங்க்கில் போய் நீங்கள் வாங்கினால் விலையில் நூற்றுக்கு நாலு எனக்கு வரும். உங்களுக்கு விலை கூடாது. தரையில் கிடக்கும் முடியை நன்றாக இழுக்கிறது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 40 நிமிடம் குறைந்த வேகத்துக்கு மட்டும். முழு வேகத்தில் 9 நிமிடத்தில் நின்றது, திரும்ப சார்ஜ் ஏற 4 மணி நேரம் ஆனது. வீடு முழுக்கக் கார்ப்பெட் போட்டிருப்பவர்கள் இதை வாங்காதீர்கள்.”

எண்களை உங்கள் கடிகாரத்தில் பார்த்து மாற்றுங்கள். கம்பெனி இலவசமாகக் கொடுத்திருந்தால் முதல் வரியில் அதைச் சொல்லுங்கள்.

கடைசி வரியை மட்டும் வெட்டாதீர்கள், அதில்தான் என் பழைய கோபம் இருக்கிறது. ‘ஒரே குறை, இரண்டு நிறத்தில்தான் வருகிறது’ என்று ஒருவர் சொன்னதை நம்பி இதே மாதிரி ஒன்றை நான் வாங்கினேன். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது என்பது பதினாலாம் மாதம் அது செத்தபோதுதான் தெரிந்தது. மூலையில் நிற்கிறது, நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. யாராவது ஒருவரையாவது வாங்க விடாமல் தடுத்தால்தான் அது குறை. ‘சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடுகிறது’ என்பதெல்லாம் குறை வேஷம் போட்ட விளம்பரம்.

கேள்வி: லிங்க்கை அழுத்தினேன், ஆனால் வேறு பொருளை வாங்கினேன். வீடியோ போட்டவருக்குக் காசு போகுமா?

பெரும்பாலும் போகும். அமேசான் திட்டத்தில் அழுத்தியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் வாங்கும் மற்ற பொருளுக்கும் கமிஷன் உண்டு. மேலே கேட்டவர் இதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கேள்வி: வீடியோவில் குறை சொன்ன இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்து வாங்கிவிட்டேன். இப்போது அதே குறை. என்ன செய்ய?

அடுத்த முறை ஓட்டாதீர்கள்.

கேள்வி: ‘குறையே இல்லை’ என்றார். கமிஷன் பற்றி மூச்சு விடவில்லை. பொருள் பத்தாம் நாள் நின்றுவிட்டது. நான் ஏமாளியா?

இல்லை. ஏமாற்றியவர் இருக்கும்போது உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும், இன்றைக்கே விற்றவருக்கு எழுதுங்கள். பொருள் நிற்பதை ஒரே டேக்கில் படம் பிடித்து அனுப்புங்கள். அவர் பேசிய பகுதியையும் திரையோடு பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு வீடியோ தளத்தில் புகார் கொடுங்கள். வரிசை மாறினால் புகார் போன மறுநாள் அந்த வீடியோ அங்கே இல்லாமலும் போகலாம்.