மூன்றாவது கட்சியின் ஓட்டு எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒப்பீட்டு அரசியல் முதலாண்டு படிக்கிறேன். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்கிற முறை இருந்தால் அங்கே இரண்டு பெரிய கட்சிகள்தான் தங்கும், இது டுவெர்ஜே விதி என்று வகுப்பில் சொன்னார்கள். இரண்டு கட்சிதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே, பிறகு எப்படி? கனடாவிலும் இதே முறைதான், ஆனால் நாடாளுமன்றத்தில் நான்கைந்து கட்சிகள் இருக்கின்றன. விதி தப்பா, நான் புரிந்துகொண்டது தப்பா?

ந.

அன்புள்ள ந.,

பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1951இல் எழுதியபோது இதில் இரண்டு வேலைகள் நடப்பதாகச் சொன்னார். ஒன்று எண்ணும்போது நடப்பது, இன்னொன்று ஓட்டுப் போடுகிறவர் மனதில் நடப்பது. பாடப்புத்தகங்கள் இவற்றை இயந்திர விளைவு, உளவியல் விளைவு என்று பெயர் வைத்து ஒரே பத்தியில் முடித்துவிடுகின்றன. முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவது புரியாது.

பிரிட்டனின் 1983 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 650 தொகுதிகள். கன்சர்வேடிவ் கட்சிக்கு 42.4 சதவீத ஓட்டு, 397 இடங்கள். தொழிலாளர் கட்சிக்கு 27.6 சதவீதம், 209 இடங்கள். லிபரல்களும், தொழிலாளர் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து நின்ற கூட்டணிக்கு 25.4 சதவீதம். நாட்டில் நாலில் ஒருவர் அவர்களுக்குப் போட்டிருக்கிறார், இரண்டாம் இடத்துக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். கிடைத்த இடங்கள் 23. கணக்குப் போட்டால் தொழிலாளர் கட்சி சுமார் 40 ஆயிரம் ஓட்டுக்கு ஒரு இடம் வாங்கியது, கூட்டணிக்கு ஒரு இடத்துக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் செலவானது.

எந்த மோசடியும் நடக்கவில்லை. கூட்டணியின் ஓட்டு எல்லா ஊரிலும் சீராகப் பரவிக் கிடந்தது, அவ்வளவுதான். தொழிலாளர் கட்சிக்குச் சுரங்கப் பகுதிகளிலும் தொழில் நகரங்களிலும் ஓட்டு குவிந்திருந்தது; தெற்கே பல இடங்களில் மூன்றாவதாக வந்தாலும் அந்தக் கோட்டைகளில் ஜெயித்துவிட்டது. கூட்டணி ஏராளமான தொகுதிகளில் இரண்டாவது வந்தது, இரண்டாவது வந்தவருக்கு இந்த முறையில் எதுவும் கிடையாது. தொகுதி முடிவு அறிவித்தவுடன் தோற்றவர்களின் ஓட்டு கணக்கிலிருந்து காணாமல் போகிறது, அடுத்த தொகுதிக்கு எடுத்துப் போக முடியாது. விகிதாசார முறையில் அதே 25 சதவீதம் ஏறத்தாழ 160 இடங்களாக மாறியிருக்கும்.

சரி, இப்போது அடுத்த தேர்தல் வருகிறது, நீங்கள் அந்த மூன்றாவது கட்சியின் ஆதரவாளர் என்று வையுங்கள். ஒரு தொகுதியில் நூறு ஓட்டு. முதல் கட்சிக்கு 42, இரண்டாவதற்கு 33, உங்கள் கட்சிக்கு 25. உங்களுக்கு முதல் கட்சியை அறவே பிடிக்காது, இரண்டாவதைச் சகித்துக்கொள்ள முடியும். உங்கள் கட்சிக்கே போட்டால் மனசாட்சி திருப்திப்படும், ஆனால் பிடிக்காதவர் 42 வாங்கி ஜெயிப்பார். உங்களைப் போன்ற 25 பேரில் பத்துப் பேர் மட்டும் மாற்றிப் போட்டால் இரண்டாவது கட்சிக்கு 43, பிடிக்காதவர் தோற்றுப்போவார். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், போன தேர்தல் முடிவு நினைவிருந்தால் போதும். இரண்டாவது கட்சியின் பிரசாரகரும் வீடு வீடாக வந்து “அவங்களுக்குப் போட்டா ஓட்டு வீண்” என்றுதான் சொல்வார். ஓட்டு இப்படிக் கரைய ஆரம்பித்தால் அப்புறம் பணம் கொடுப்பவரும், நல்ல வேட்பாளரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் ஓட்டு இப்படிக் கரைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு, வகுப்பில் இதைத்தான் வேகமாகத் தாண்டிவிடுவார்கள் என்பது என் அனுபவம். யார் மூன்றாவது என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 33, 25 என்பதற்குப் பதிலாக 30, 28 என்று இருந்தால்? யார் யாரை விட்டுக்கொடுப்பது? இரண்டு பக்கமும் “நீ வா” என்று காத்திருக்கும், இரண்டு பேரும் தோற்பார்கள். கேரி காக்ஸ் என்ற அரசியல் அறிஞர் இதை அளக்க ஒரு எளிய வழி சொன்னார்: தொகுதியில் மூன்றாவது வந்தவரின் ஓட்டை இரண்டாவது வந்தவரின் ஓட்டால் வகுங்கள். விடை பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மூன்றாமவரை ஜனங்கள் கைவிட்டுவிட்டார்கள். ஒன்றை ஒட்டி இருந்தால் யாரைக் கைவிடுவது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 40, 5 என்றால் 0.125. 30, 28 என்றால் 0.93.

இங்கேதான் உங்கள் கனடா வருகிறது. 1993இல் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி 16 சதவீதம் வாங்கி இரண்டே இடத்தில் ஜெயித்தது. அதற்கு முந்தைய தேர்தலில் 169 இடம் பிடித்து ஆட்சி அமைத்த கட்சி அது. அதே தேர்தலில் கியூபெக் மாகாணத்தில் மட்டுமே நின்ற ப்ளாக் கெபெக்வா 13.5 சதவீதத்தில் 54 இடம் வாங்கியது. இயந்திர விளைவு சிறிய கட்சியை நசுக்கும் என்று படித்திருப்பீர்கள். சிதறிக் கிடக்கும் கட்சியைத்தான் அது நசுக்குகிறது, ஒரே இடத்தில் குவிந்திருப்பதைத் தூக்கிவிடுகிறது. அதனால் ஒரு மாகாணத்தில் ஒரு ஜோடி மோதும், இன்னொன்றில் வேறு ஜோடி. பெரும்பாலான தொகுதிகளில் இரண்டு பேர்தான் நிஜமான போட்டியில் இருப்பார்கள், நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஐந்து கட்சி தெரியும். டுவெர்ஜேயின் தர்க்கம் தொகுதிக்குள்தான் ஓடுகிறது. எல்லாத் தொகுதியிலும் அதே இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் ஜோடி மாறுவதும் இதே கதைதான்.

விதி என்ற பெயரே கொஞ்சம் அதிகம் என்று நான் நினைப்பது இதனால்தான். ஆனால் தூக்கிப் போடவும் முடியாது, காரணம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். 1997இல் அங்கே வலதுசாரி ஓட்டை முற்போக்குக் கன்சர்வேடிவ்களும் ரிஃபார்ம் கட்சியும் பங்கு போட்டுக்கொண்டன, ஆளுக்கு ஏறத்தாழ 19 சதவீதம். காக்ஸின் கணக்கை மாகாணத்துக்கே போட்டால் விடை ஒன்றைத் தொடும். யாரும் யாரையும் கைவிடவில்லை, லிபரல்கள் பாதிக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் 103 தொகுதிகளில் 101ஐ அள்ளினார்கள். 2000இலும் கிட்டத்தட்ட அதே கதி. வாக்காளர்களால் தீர்க்க முடியாததைக் கடைசியில் கட்சிகளே தீர்த்துக்கொண்டன: ரிஃபார்மின் வாரிசான கனடிய அலையன்ஸும் முற்போக்குக் கன்சர்வேடிவ்களும் 2003 டிசம்பரில் ஒரே கட்சியாயின. 2004இல் அந்தப் புதுக் கட்சிக்கு ஒன்டாரியோவில் 24 இடம், 2006இல் தலைநகர் ஒட்டாவாவில் ஆட்சி. கியூபெக்கின் ப்ளாக் மட்டும் யாருடனும் சேரவில்லை, தன் தொகுதிகளில் அது இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றாக ஏற்கெனவே இருந்தது.