‘அவர்’ என்பதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

“பாட்டியின் நினைவு மலரை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. ‘அவர்’ வரும் இடமெல்லாம் ‘ஷீ’ போட்டால் பாட்டியை ‘அவள்’ என்பதுபோல் மனம் கூசுகிறது. ‘தே’ போடலாமா?” – வாசகி, சுங்கை சிப்புட்

‘தே’ வேண்டாம். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, அல்லது ஒருவர் தம்மை அப்படிக் குறிக்கச் சொல்லும்போதுதான் ஆங்கிலத்தில் ஒருவருக்கு ‘தே’ வரும். அதில் மரியாதை ஏறாது. பாட்டியோடு இன்னும் யாரோ இருந்தார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

‘ஷீ’ என்று தாராளமாக எழுதுங்கள். பக்கத்தில் ‘அவர்’ இருப்பதால்தான் தமிழில் ‘அவள்’ உறைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஜோடியே இல்லை. அங்கே ராணியும் ‘ஷீ’தான். நம் வீட்டிலேயே “பாட்டி வந்துச்சு” என்று பாசமாகச் சொல்கிறோம், அச்சில் ஏறும்போதுதான் அது ‘வந்தார்’ ஆகிறது. ஆகவே உங்கள் மலரில் உள்ள பெரும்பாலான ‘அவர்’ எழுத்து வழக்கின் மரியாதை. அதை ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டியதில்லை.

மரியாதையைப் பெயரிலும் உறவுமுறையிலும் வையுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் முதலில் ‘பாட்டி’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அப்புறம் ‘ஷீ’ என்று தொடரலாம். முழுப் பெயர் வரும் இடத்தில் முன்னால் ‘மேடம்’ சேருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அடையாள அட்டையில் ‘அனாக் பெரம்புவான்’ என்பதற்குப் பின்னால் இருப்பது பாட்டியின் அப்பா பெயர். ஆங்கில வழக்கம் என்று கடைசிப் பெயரை மட்டும் எடுத்தால், அடுத்த வரியிலிருந்து மலர் முழுக்கக் கொள்ளுத்தாத்தா பெயரில் போய்விடும். பாட்டியின் சொந்தப் பெயரோடுதான் ‘மேடம்’ வர வேண்டும்.

மரியாதை மாறுகிற இடம் வந்தால் மட்டும் நிதானியுங்கள். இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பாட்டியை “ஏய், இங்க வா” என்பார். மகன் தமிழ்ப்பள்ளி ஆசிரியரான பிறகு அதே கிராணி “வாங்கம்மா” என்கிறார். இரண்டையும் ‘கம் ஹியர்’ என்று போட்டால் சம்பவமே செத்துவிடும். முதலாவதை அதட்டலாக, ‘யூ தேர், கம் ஹியர்’ என்று விடுங்கள். இரண்டாவதில் ‘ப்ளீஸ் கம், அம்மா’ என்று வைத்து, “பெரியவர்களிடம் பேசும் முறையில் அவர் பாட்டியிடம் பேசியது அதுவே முதல் தடவை” என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேருங்கள். மூலத்தில் வினைமுற்று சொன்னதைத்தான் நீங்கள் வாக்கியமாகச் சொல்கிறீர்கள். அது இட்டுக்கட்டல் ஆகாது.

இன்னொன்று, ‘அவர்’ ஆண் பெண் காட்டாது. பாட்டிக்கு மருந்து கொடுத்த ‘ஆஸ்பத்திரி ஐயா’ ஆண் என்று தெரியும். ‘பாலர் பள்ளி ஆசிரியர், அவர்’ என்று மட்டும் இருந்தால் தெரியாது. பழக்கத்தில் ‘ஹீ’ போட்டுவிடாமல், அந்தத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.