42 டிகிரி வெயிலில் குளிர் அறை: சி.ஓ.பி. எங்கே குறைகிறது?

பால், தயிர் வைக்கும் அறை 4 டிகிரி, வெளியே 42 டிகிரி. கார்னோ சூத்திரத்தில் சி.ஓ.பி. 7.3 வருகிறது. விரிவுரைக் குறிப்பிலோ 2 சொச்சம் என்று இருக்கிறது. எது சரி? (மாணவர், காட்பாடி)

இரண்டும் சரிதான். சி.ஓ.பி. என்பது ஒரு கிலோவாட் வேலைக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் வெளியேறுகிறது என்ற விகிதம். 7.3 என்பது இழப்பே இல்லாத இலட்சிய இயந்திரத்துக்கு, நிஜத்தில் நடுவில் மூன்று இடத்தில் இழப்பு இருக்கிறது. அறையிலிருந்து 10 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கெல்வினில் அறையின் 277-ஐ, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் 38-ஆல் வகுத்தால் 7.3. இதற்கு 1.4 கிலோவாட் போதும். ஆனால் வெப்பநிலை வித்தியாசம் இல்லாமல் வெப்பம் நகராது. 4 டிகிரி அறையிலிருந்து வெப்பத்தை இழுக்க, உள்ளே இருக்கும் காயிலில் குளிர்விக்கும் வாயு மைனஸ் 6-ல் கொதிக்க வேண்டும். 42 டிகிரி காற்றில் அதைத் தள்ள, கண்டன்சரில் 54-ல் குளிர்ந்து திரவமாக வேண்டும். இந்த 10-ம் 12-ம்தான் 'அப்ரோச்'. கம்ப்ரசருக்குத் தெரிவது மைனஸ் 6-ம் 54-ம் மட்டுமே. அதே சூத்திரத்தில் இப்போது 267-ஐ 60-ஆல் வகுத்தால் 4.45. தேவை 2.25 கிலோவாட் ஆகிவிட்டது.

அடுத்தது எக்ஸ்பான்ஷன் வால்வு. 54 டிகிரி திரவம் அதில் நுழைந்து மைனஸ் 6-க்கு இறங்கும்போது, 40 சதவீதத்துக்குச் சற்று மேல் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. அந்தப் பங்கு அறையைக் குளிர்விக்காது, ஆனாலும் கம்ப்ரசர் அதையும் சேர்த்து அழுத்தியாக வேண்டும். ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் வாயுவின் அட்டவணைப்படி ஒரு கிலோவுக்குக் குளிர்விப்பு சுமார் 117 கிலோஜூல், இலட்சிய கம்ப்ரசரின் வேலை 38. சி.ஓ.பி. 3.1.

கடைசியாக கம்ப்ரசர். உராய்வு, வால்வுக் கசிவு, சிலிண்டர் சூடு எல்லாம் சேர்ந்து 38 கிலோஜூலில் முடிய வேண்டிய வேலை 54 கிலோஜூல் ஆகிறது. 38-ஐ 54-ஆல் வகுத்தால் 0.7. இதுதான் ஐசென்ட்ரோபிக் திறன். சி.ஓ.பி. 2.15, தேவை 4.65 கிலோவாட். மோட்டார் இழப்பும் ஃபேன் மின்சாரமும் இன்னும் இதில் சேரவில்லை.

சி.ஓ.பி. 2 என்றால் 200 சதவீதத் திறனா? (ஆம்பூர்)

இல்லை. இயந்திரம் வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. திறன் என்று பேச வேண்டுமானால், நம் கணக்கில் 2.15-ஐ 7.3-ஆல் வகுங்கள். வெறும் 30 சதவீதம்தான்.

கண்டன்சரைப் பெரிதாகப் போட்டால் கரண்ட் பில் குறையுமா? (குளிர் அறை நடத்துபவர், குடியாத்தம்)

குறையும், ஆனால் சீக்கிரமே கட்டுப்படியாகாமல் போய்விடும். காற்று 42-ல் நுழைந்து 50-ல் வெளியேறுகிறது என்று வையுங்கள். கண்டன்சர் 54-ல் இருக்கிறது. அதை 51-க்குக் கொண்டுவர, ஃபேனை மாற்றாமல் காயிலை மட்டும் பெரிதாக்கினால் பரப்பு இரண்டு மடங்கு வேண்டும். மின்சாரத்தில் மிச்சமாவது சுமார் 8 சதவீதம். 50-க்குக் கீழே போகவே முடியாது, ஏனென்றால் வெளியேறும் காற்றே 50. அதற்கும் கீழே வேண்டுமென்றால் காற்றின் அளவைக் கூட்ட வேண்டும், ஃபேன் மின்சாரம் ஏறும்.

புதுக் காயில் வாங்குவதற்கு முன்னால் இருப்பதைக் கழுவுங்கள். நிழலையும் பாருங்கள். சுவரை ஒட்டி வைத்த கண்டன்சர், தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். காற்று நுழையும் ஃபின் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: ஊரில் 42, அங்கே 47 என்றால் கோளாறு கண்டன்சரில் இல்லை, வைத்த இடத்தில். சாயங்காலம் வெளியே 34-க்கு இறங்கினால் கண்டன்சரும் 46-க்கு இறங்கும், சி.ஓ.பி. 2.7-ஐத் தொடும். அதனால் அறையை நன்றாகக் குளிர்விக்கும் வேலையை இரவில் வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்ரசர் திறன் 0.7 என்று எப்படி நம்புவது? பிரிக்காமல் பார்க்க வழி உண்டா? (பராமரிப்பு, ராணிப்பேட்டை)

டிஸ்சார்ஜ் குழாயின் சூட்டைப் பாருங்கள். கம்ப்ரசர் வீணாக்கும் வேலை வாயுவிலேயே வெப்பமாகத் தங்கும். நம் கணக்கில் இலட்சிய கம்ப்ரசரிலிருந்து வாயு 61 டிகிரியில் வர வேண்டும். 0.7 என்றால் 75 பக்கம் வரும். 90 வந்தால் திறன் 0.55 அளவுக்குச் சரிந்திருக்கிறது, வால்வைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. இந்த எண்கள் கம்ப்ரசருக்குள் நுழையும் சக்ஷன் வாயு மைனஸ் 6-லேயே வருவதாக வைத்துப் போட்டவை. அது 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வந்தால் டிஸ்சார்ஜும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அதனால் சக்ஷன் குழாயையும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம், உணரியைக் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே, இன்சுலேஷன் சுற்றிக் கட்டுங்கள். இரண்டடி தள்ளி வெறும் குழாயில் வைத்தால் காற்று பட்டு ஆறிய சூட்டைத்தான் காட்டும், கெட்ட கம்ப்ரசரும் நல்லதாகத் தெரியும். உடல் வழியே வெப்பம் அதிகம் வெளியேறும் மூடிய வகைக் கம்ப்ரசரிலும் இதே ஏமாற்றம் உண்டு. அங்கே கிளாம்ப் மீட்டரில் மின்சாரத்தையும் அளந்து ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.